அமில நீக்கி மாத்திரையின் நடுநிலையாக்கும் திறன்: பேக் டைட்ரேஷன் செய்து அறிக்கை எழுதுவது எப்படி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போல நானும் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் இங்கிலீஷ் பாடநூலும் மலையாள வகுப்புமாகத் திண்டாடியவன்தான். கடைசி வருஷ வேதியியல் பிராஜெக்டுக்கு அமில நீக்கி மாத்திரையை எடுத்துக்கொண்டேன். ‘கடையில் கிடைக்கும் பொருள், ஒரு பேக் டைட்ரேஷன், இரண்டு நாளில் முடியும்’ என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. முதலில் எழுதிக் கொண்டுபோன அறிக்கையை கைடு சார் ஒரே கேள்வியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்: “லேபிளில் அலுமினியம் இருக்கிறதே, உன் கணக்கில் அது எங்கே போயிற்று?”

அந்தக் கேள்வி உங்களிடம் வராமல் இருப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிப் பாடநூல் இதைத் தரம்பார்த்தல் என்கிறது. லேபில் எல்லோரும் டைட்ரேஷன் என்பதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

## 1. முதலில் லேபிளைப் படியுங்கள்

மாத்திரை வாங்கியவுடன் பட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். உள்ளடக்கம், பேட்ச் எண், காலாவதி மாதம் மூன்றும் தெரிய வேண்டும். மருந்துக்கடை பில்லையும் நோட்டில் ஒட்டிவிடுங்கள். அறிக்கையில் எந்தப் பேட்ச் என்று எழுதாவிட்டால் உங்கள் எண்ணுக்கு உரிமையாளரே இல்லை. எல்லா மாத்திரையும் ஒரே பேட்சாக இருக்கட்டும். சராசரி எடைக்கு 20, உடைந்துபோனால் ஈடுகட்டச் சில, ஆக இரண்டு பட்டை போதும்.

உள்ளடக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் மீதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கால்சியம் கார்பனேட் மட்டும் உள்ள மாத்திரை ஒரு விதம். மக்னீசியம் ஹைட்ராக்சைடும் அலுமினியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தது வேறு விதம். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டாவது. நான் எடுத்த மாத்திரையில் உலர்ந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல் 250 மி.கி., மக்னீசியம் ஹைட்ராக்சைடு 250 மி.கி., கூடவே வாயுவுக்கான சைமெத்திகோன் என்று போட்டிருந்தது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த மாத்திரையைப் பற்றியதுதான்.

## 2. ஏன் நேரடியாக டைட்ரேட் செய்யக் கூடாது

மாத்திரைத் தூள் தண்ணீரில் கரையாது. பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் வினைபுரிந்து முடிய நிமிடக் கணக்கில் ஆகும். நிறம் மாறும், திரும்பும், மறுபடி மாறும். அதனால் அமிலத்தை முதலிலேயே தேவைக்கு மேல் அளந்து ஊற்றிவிட்டு, தூள் தின்றது போக மிச்சம் எவ்வளவு என்று காரத்தால் அளக்கிறோம். கடைக்குப் போகும் பையனிடம் நூறு ரூபாய் கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணிச் செலவைக் கண்டுபிடிப்பது போலத்தான்.

```
தூள் தின்ற அமிலம் = ஊற்றிய அமிலம் − மிச்சமிருந்த அமிலம்
```

இதில் ‘மிச்சம்’ என்று எதை எண்ணுகிறீர்கள் என்பதில்தான் என் முதல் அறிக்கை கவிழ்ந்தது. அதற்கு 5-வது படியில் வருகிறேன்.

## 3. கரைசல்கள்: ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

தேவைப்படுவது சுமார் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சுமார் 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும். ‘சுமார்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் எடைபோடும்போதே காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். லிட்டருக்கு 20 கிராம் என்று தராசில் நின்று துல்லியம் பார்ப்பது வீண் வேலை. கரைத்த பிறகு அதன் உண்மையான செறிவைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அடர் அமிலத்தைப் புகைக்கூண்டுக்குள் வைத்து, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

செறிவு காண எங்கள் லேபில் ஆக்ஸாலிக் அமிலப் படிகம்தான் இருந்தது. விலை குறைவு, காற்றில் கெடாது, எடை நம்பகமானது. அதன் மூலக்கூறு எடை 126.07. ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜனைக் கொடுப்பதால் அதில் பாதியான 63.035-ஆல் வகுக்கிறோம். இந்த ஒரு இடத்தில் மட்டும் பினாப்தலீன் சரியான நிறங்காட்டி.

```
ஆக்ஸாலிக் அமிலம்        = 0.633 கிராம்
633 மி.கி. ÷ 63.035     = 10.04 மில்லி ஈக்விவலன்ட்
செலவான NaOH             = 20.0 மி.லி.
NaOH செறிவு = 10.04 ÷ 20.0 = 0.502
```

மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இந்த 0.502 தப்பினால் பின்னால் வரும் எல்லாம் அதே விகிதத்தில் தப்பும்.

அமிலத்துக்குத் தனியாகச் செறிவு காண வேண்டாம். பிளாங்க் ஓட்டினால் போதும். மாத்திரை இல்லாமல், 10.0 மி.லி. அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்துத் தண்ணீர் சேர்த்து, மாத்திரைக்கு எந்த இடத்தில் டைட்ரேஷனை நிறுத்தப் போகிறீர்களோ அதே இடம் வரை காரத்தை விடுங்கள். எனக்கு 19.62 மி.லி. ஆயிற்று. சோதனையில் 30.0 மி.லி. அமிலம் ஊற்றப் போவதால் மூன்றால் பெருக்கினால் 58.86 மி.லி. நேரடியாக 30 மி.லி.க்கு பிளாங்க் ஓட்டாததற்குக் காரணம், 50 மி.லி. பியூரெட்டில் அது அடங்காது.

காரக் கரைசலை மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் தொடர்வதாக இருந்தால் செறிவை மறுபடி பாருங்கள்.

## 4. மாத்திரையை எடைபோட்டுத் தூளாக்குதல்

20 மாத்திரைகளையும் சேர்த்து எடைபோட்டு 20-ஆல் வகுங்கள். எனக்கு 22.64 கிராம் வந்தது. ஆக ஒரு மாத்திரை சராசரியாக 1.132 கிராம். பிறகு எல்லாவற்றையும் கல்வத்தில் போட்டு மாவாக அரைத்து, அதிலிருந்து ஒரு மாத்திரை அளவுக்குத் தூளை எடைபோட்டு எடுக்க வேண்டும். நான் எடுத்தது 1.128 கிராம்.

ஒரு முழு மாத்திரையையே போட்டால் என்ன என்று தோன்றும். மாத்திரைக்கு மாத்திரை எடை மாறும் என்பது ஒன்று. முழு மாத்திரை 15 நிமிடத்தில் முழுவதும் கரையாது என்பது அதைவிடப் பெரிய விஷயம். அரைகுறையாக நொறுக்கினாலும் இதே கதைதான். பீக்கரின் அடியில் குருணை தெரிந்தால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். விடை குறைவாகத்தான் வரும்.

## 5. அமிலத்தில் வைத்தல், அப்புறம் டைட்ரேஷன்

தூளை 250 மி.லி. பீக்கரில் போட்டு 70 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சைமெத்திகோன் உள்ள தூள் தண்ணீரில் நனையாமல் மேலே மிதக்கும். அப்படியானால் தண்ணீருக்கு முன்னால் கொஞ்சம் ஆல்கஹால் விட்டு நனைக்கலாம், 5 மி.லி.க்கு மேல் வேண்டாம். பிறகு 30.0 மி.லி. அமிலத்தைப் பிப்பெட்டில் அளந்து ஊற்றிய நொடியில் கடிகாரத்தைத் தொடங்குங்கள். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டே இருக்க, 37 டிகிரியில் 15 நிமிடம். 37 என்பது வயிற்றின் வெப்பம். மூன்று டிகிரி ஏறி இறங்கலாம். நான் மார்ச் மாதம் செய்தேன். பாலக்காட்டு வெயிலில் லேபே அந்த வெப்பத்தில்தான் இருந்தது, தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்க வேண்டிய வேலையே இல்லை. மழைக்காலத்தில் செய்பவர்கள் வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

இந்த 70, 30, 15 நிமிடம் எல்லாம் அமெரிக்க மருந்துத் தர நூலில் உள்ள முறை. இதையே பின்பற்றினால்தான் உங்கள் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியும்.

15 நிமிடம் முடிந்ததும் பிஎச் மீட்டரைப் பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 2-க்கு மேல் காட்டினால் அமிலம் போதவில்லை என்று அர்த்தம். மிச்சம் இல்லாத சில்லறையை எண்ண முடியாது. அப்போது தூளைக் குறையுங்கள் அல்லது அமிலத்தை இரட்டிப்பாக்குங்கள்.

இனி காரத்தை விட வேண்டும். எங்கே நிறுத்துவது? நான் முதல் தடவை பழக்கதோஷத்தில் பினாப்தலீன் நாலு சொட்டு விட்டேன். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து அமிலம் காரம் என்றாலே கை அந்தப் புட்டிக்குத்தான் போகும். 30 மி.லி. தாண்டியதும் கரைசல் மெல்லக் கலங்க ஆரம்பித்தது. 35-இல் அரிசி கழுவிய தண்ணீர். 40-இல் லேப் சேட்டன் எட்டிப் பார்த்து, “பாலு போலெ ஆயல்லோ” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. 41.6-இல் இளஞ்சிவப்பு வந்தது, சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

அந்தப் பால் நிறம்தான் தொலைந்துபோன அலுமினியம். நடந்தது இதுதான்: அமிலத்தில் அலுமினியம் ஹைட்ராக்சைடு கரைந்து, மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் அயனிகளைத் தின்று, அலுமினியம் அயனியாக நிற்கிறது. காரத்தை விட்டுக்கொண்டே போனால் பிஎச் 4-ஐத் தாண்டும்போது அதே அலுமினியம் அயனி நீங்கள் விடும் ஹைட்ராக்சைடைப் பிடித்து மறுபடி வெள்ளைப் படிவாக விழுகிறது. பினாப்தலீன் நிறம் மாறுவது 8-க்கு மேல். அதற்குள் அலுமினியம் அநேகமாக முழுதும் திரும்பி விழுந்துவிடும். அதற்குச் செலவான காரத்தையும் நாம் ‘மிச்ச அமிலம்’ என்று எண்ணிவிடுகிறோம். விளைவு, மாத்திரையில் அலுமினியமே இல்லாதது போன்ற விடை. மக்னீசியம் இப்படிச் செய்யாது. அது படிவாக விழுவது பிஎச் 10-க்குப் பக்கத்தில்தான்.

எனவே நிறுத்த வேண்டிய இடம் பிஎச் 3.5. அங்கே அலுமினியம் இன்னும் கரைசலிலேயே இருக்கும். மிச்ச அமிலமோ ஏறக்குறைய தீர்ந்திருக்கும். 130 மி.லி. கரைசலில் அந்தப் பிஎச்சில் தங்கியிருப்பது 0.04 மில்லி ஈக்விவலன்ட்தான், கணக்கில் ஒரு சொட்டு. மீட்டரை பிஎச் 4 பஃபரில் அன்றைக்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் கிடைக்கவில்லையென்றால் புரோமோபினால் நீலம் போடலாம். மஞ்சளிலிருந்து நீலத்துக்கு 3.0-க்கும் 4.6-க்கும் நடுவில் மாறும். மாத்திரைக்கே ரோஸ் நிறம் பூசியிருந்தால் நிறங்காட்டியை நம்பாமல் மீட்டருக்குச் சண்டை போடுங்கள்.

இன்னொரு பொறி. 3.5-ஐத் தொட்டதும் குழாயை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 10, 15 நொடி அந்த எண் நிற்க வேண்டும். சொட்டு விடாமலேயே எண் தானாக மேலே ஊர்ந்தால், கரையாமல் கிடந்த தூள் இன்னும் அமிலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் டைட்ரேஷனை 5 நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். நடுவில் டீ குடிக்கப் போய்விட்டு வந்தால், 15 நிமிடத் திறனுக்குப் பதிலாக அரை மணி நேரத் திறனைத்தான் அளந்திருப்பீர்கள். முதல் 25 மி.லி.யை வேகமாகவே விடலாம். அப்புறம் அரை மி.லி. அளவில், 3-ஐ நெருங்கியதும் சொட்டாக.

மறுபடி செய்தபோது எனக்கு 30.9 மி.லி.யில் 3.5 நின்றது. கரைசல் தெளிவாக இல்லை, மாத்திரையின் மாவுப்பொருள் கொஞ்சம் மிதந்தது. ஆனால் பால் இல்லை.

## 6. கணக்கு

அலகு மில்லி ஈக்விவலன்ட். ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மி.லி. என்றால் ஒரு மில்லி ஈக்விவலன்ட். கீழே மி.ஈ. என்று சுருக்கியிருக்கிறேன்.

```
பிளாங்க் (30 மி.லி. அமிலத்துக்கு)  = 58.86 மி.லி. NaOH
மாத்திரைத் தூளுடன்               = 30.90 மி.லி. NaOH
வித்தியாசம்                      = 27.96 மி.லி.
தின்ற அமிலம் = 27.96 × 0.502     = 14.04 மி.ஈ.  (1.128 கிராமுக்கு)
ஒரு மாத்திரைக்கு = 14.04 × 1.132 ÷ 1.128 = 14.09 மி.ஈ.
ஒரு கிராமுக்கு   = 14.04 ÷ 1.128 = 12.4 மி.ஈ.
```

கவனித்தீர்களா, அமிலத்தின் செறிவு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. பிளாங்க் அதை விழுங்கிவிட்டது. கைடு கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஆனால் பிளாங்குக்கும் சோதனைக்கும் அமிலம் ஒரே புட்டியிலிருந்து, ஒரே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

கடைசிக்கு முந்தைய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் டைட்ரேட் செய்தது தூளை. நோயாளி தின்பது மாத்திரையை. சராசரி எடையால் திருத்தாவிட்டால் ‘ஒரு மாத்திரைக்கு’ என்று எழுத உரிமை இல்லை. எனக்கு எடைகள் நெருங்கி இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. அரை மாத்திரைத் தூள் எடுத்தவருக்கு விடை பாதியாகிவிடும்.

என் பழைய 41.6-ஐ இதே கணக்கில் போட்டுப் பார்ப்போம். அதே எடைத் தூள்தான். பிளாங்கையும் பினாப்தலீன் வரை ஓட்டினாலும் ஒரு சொட்டுதான் மாறும், அதனால் அப்படியே வைக்கிறேன்.

```
58.86 − 41.60 = 17.26 மி.லி.
17.26 × 0.502 = 8.66 மி.ஈ.   →  ஒரு மாத்திரைக்கு 8.7 மி.ஈ.
```

ஒரே தூள், ஒரே பியூரெட், ஒரே கை. நிறுத்திய இடம் மட்டும் வேறு. 14.1 எங்கே, 8.7 எங்கே!

## 7. லேபிளோடு ஒப்பிடுதல்

விடை நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. லேபிளில் உள்ள அளவை வைத்து அதிகபட்சம் எவ்வளவு வரலாம் என்று கணக்கிடுங்கள்.

```
Mg(OH)2:  250 ÷ 58.32 × 2           = 8.6 மி.ஈ.
Al(OH)3:  250 × 0.765 ÷ 78.0 × 3    = 7.4 மி.ஈ.
மொத்தம்                              = 16.0 மி.ஈ.
```

மக்னீசியத்தின் 8.6-ஐயும் என் தவறான 8.7-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைடு சார் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

அந்த 0.765 எங்கிருந்து வந்தது? உலர்ந்த ஜெல் என்பது சுத்தமான அலுமினியம் ஹைட்ராக்சைடு அல்ல, குறைந்தது 76.5 சதவீதம் இருந்தால் போதும் என்பது தரநூல் விதி. 250-ஐ அப்படியே போட்டால் 9.6 வந்து, மாத்திரை ஏமாற்றுகிறது என்று தப்பாக எழுதிவிடுவீர்கள்.

16.0 எதிர்பார்த்த இடத்தில் 14.1 வந்தது குறைபாடு அல்ல. அலுமினியம் ஹைட்ராக்சைடு மெதுவாக வினைபுரியும், நாள்பட்ட ஜெல் இன்னும் மெதுவாக. 15 நிமிடத்தில் கரையாமல் நின்ற பங்கு கணக்கில் வராது. கம்பெனியைக் குறை சொல்லும் வாக்கியம் எதையும் அறிக்கையில் எழுதாதீர்கள். ஒரு பேட்சை மூன்று முறை அளந்து அதைச் சொல்ல முடியாது. அமெரிக்க விதிப்படி அமில நீக்கி என்று விற்க, குறைந்தபட்ச டோஸ் ஒன்றுக்கு 5 மி.ஈ. இருந்தால் போதும். வேண்டுமானால் அதோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதலாம்.

கால்சியம் கார்பனேட் மாத்திரை எடுத்தவர்களுக்கு இந்த அலுமினியத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு. கரைந்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடு பினாப்தலீனின் நிறத்தை வந்து வந்து மறையச் செய்யும். பிஎச் 3.5-இல் நிறுத்தினால் அதுவும் தொந்தரவு செய்யாது.

## 8. அறிக்கையில் எழுத வேண்டியது

குறைந்தது மூன்று ஓட்டம். எனக்கு வந்தவை 14.09, 13.96, 14.21. சராசரி 14.09, திட்ட விலக்கம் 0.13. பியூரெட்டில் ஒரு மி.லி.யில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலே விடை 0.05 நகரும். எனவே கால்குலேட்டர் காட்டும் நாலு தசமத்தையும் எழுதுவது வெறும் ஜம்பம். நான் கொடுத்த இறுதி வரி இப்படி இருந்தது:

```
அமில நடுநிலையாக்கும் திறன்: மாத்திரை ஒன்றுக்கு 14.1 ± 0.1 மி.ஈ.
(3 ஓட்டம்; 37 ± 3 °C, 15 நிமிடம்; முடிவுப் புள்ளி பிஎச் 3.5;
சராசரி மாத்திரை எடை 1.132 கிராம்; பேட்ச் எண் ...)
```

அடைப்புக்குள் இருக்கும் வரியைக் குறைக்காதீர்கள். முடிவுப் புள்ளி இல்லாத 14.1-க்கு அர்த்தமே இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

தூக்கிப்போட்ட ஓட்டத்தையும் நோட்டில் காரணத்தோடு வைத்திருங்கள். பியூரெட்டின் தொடக்க வாசிப்பு, முடிவு வாசிப்பு இரண்டையும் எழுதுங்கள். வித்தியாசத்தை மட்டும் எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொரு நாள் பக்கத்திலும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று வாரத்துப் பக்கங்களைச் சேர்த்துக் கொண்டுபோய் நீட்டினால் யாரும் போடமாட்டார்கள், போடவும் கூடாது.

நேரக் கணக்கு: கரைசல், செறிவு, பிளாங்க் ஒரு நாள். ஒரு ஓட்டம் கழுவித் துடைப்பது வரை முக்கால் மணி நேரம். மூன்று ஓட்டம் ஒரு பகல். எங்கள் லேபில் மின்தடை வந்து கலக்கி நின்ற ஓட்டம் ஒன்று போயிற்று, அதற்கும் அரை நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு என்று பார்த்தால் மாத்திரையும் பஃபரும்தான் கையிலிருந்து போகும்.

பியூரெட்டை அன்று மாலையே தண்ணீரும் நீர்த்த அமிலமும் விட்டுக் கழுவுங்கள். காரம் நின்ற பியூரெட்டின் கண்ணாடித் திருகு இரண்டு நாளில் இறுகிக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. முறுக்கியதில் உடைந்து, அதன் விலையையும் கட்டினேன்.